கேள்விக்குள்ளிருந்து பிறக்கும் கேள்வி
(சட்டம் பயிலும் உறுப்பினருக்காக நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சட்டப் படிப்பின் இறுதியாண்டில் ஆய்வுரை எழுதி முடித்திருக்கும் நம் உறுப்பினர் சிலர், அதன் மேல் நடக்கும் வாய்மொழிப் பரீட்சைக்கு எப்படி ஆயத்தஞ் செய்வது என்று கேட்டதனால் இந்தப் பேச்சு ஏற்பாடாயிற்று. எழுத்துப் பரீட்சையில் வினா ஒருமுறை மட்டும் வருகிறது. வாய்மொழிப் பரீட்சையிலோ, நீங்கள் சொல்லும் விடையே அடுத்த வினாவைப் பெறுகிறது. ஆகையால் வினாக்களைப் பட்டியலிட்டு விடைகளை மனனஞ் செய்துகொண்டு போகிறவர், மூன்றாவது வினாவிலேயே கையிருப்புத் தீர்ந்து நிற்பார். இதற்கு வழி ஒத்திகை ஒன்றுதான்; அதை எப்படி நடத்துவது என்பதை உங்கள் முன்னே நடத்தியே காட்டப் போகிறேன்.

ஒத்திகைக்கு நால்வர் வேண்டும். பரீட்சகர் இருவர், மாணவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர். பரீட்சகராய் அமர்பவர் ஆய்வுரையை முன்பே படித்து, பக்க ஓரத்தில் குறி இட்டிருக்க வேண்டும். எழுதுகிறவர் மாணவரின் விடை முழுவதையும் எழுத வேண்டியதில்லை. பரீட்சகர் மாணவருடைய எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த வினாவுக்குப் போனார் என்பதை மட்டும் குறித்தாற் போதும். அரை மணி நேரம் போதுமானது. பரீட்சகராய் இருப்பவர் பாடஞ் சொல்லிக் கொடுக்கத் தொடங்கக் கூடாது. நண்பர்கள் பரீட்சகராய் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் ஆசிரியராகி விடுகிறார்கள். ஒத்திகை கெடுவது பெரும்பாலும் அந்த இடத்திலேதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். உதாரணத்துக்கு நம் கடலையே எடுத்துக் கொள்கிறேன். ஒரு மாணவர், அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் எதிரே கடலடியில் கிடக்கும் முத்துச்சிப்பி யாருடையது என்பதைச் சட்டத் தத்துவ நோக்கில் ஆராய்ந்து ஆய்வுரை எழுதியிருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மாணவர் கற்பனை, அவர் எடுத்துக்கொண்ட சட்டமும் வழக்கும் உண்மையானவை.

அவருடைய கட்சி இதுதான். பார்களில் ஒட்டிக் கிடக்கும் சிப்பி அரசின் கைவசத்தில் இருக்கிறது. ஏனெனில் அரசு பார்களைக் காவற்படகு வைத்துக் காத்தது. ஆள் அனுப்பிச் சோதித்தது. முத்துக்குளிப்பு நடத்தும் ஆண்டையும் நாளையும் தானே குறித்தது. ஆகவே அனுமதியின்றி மூழ்கிச் சிப்பி எடுத்த குளியாள் திருடனே. இதற்கு ஆதாரமாக 27ஆம் சென்னை அறிக்கைத் தொகுதியில் 1904ஆம் ஆண்டு வெளியான அன்னக்குமாருப் பிள்ளை எதிர் முத்துப்பயல் என்ற வழக்கைக் காட்டுகிறார். அது இராமநாதபுரக் கரைக்கு அப்பால், பாக்கு நீரிணையை அடுத்த குடாவில், சங்கு எடுத்ததைத் திருட்டு என்று தொடுத்த வழக்கு. கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பாற்பட்ட அந்தத் தண்ணீர் அரசின் ஆட்சிக்குள் அடங்குமா, அடியிலே கிடக்கும் சங்கு ஒருவர் வசத்தில் இருக்க முடியுமா என்னும் இரண்டும் அதில் எழுந்தன. குடாவின் சுற்றளவில் ஒன்பதில் எட்டுப் பங்கு அக்காலத்துப் பிரித்தானிய முடியின் நிலத்தால் சூழப்பட்டது, இரு கரை மக்களும் நூற்றாண்டுகளாய் அதைப் பயன்கொண்டு வருகின்றனர், ஆகையால் அது திறந்த கடலன்று என்று சென்னை மேல்நீதிமன்றம் கொண்டது.

இப்போது ஒத்திகை.

பரீட்சகர்: உமது ஆய்வுரையின் கட்சியை மூன்று வாக்கியத்தில் சொல்லும்.

மாணவர்: ஐயா, பார்களிலுள்ள சிப்பி அரசுக்கு உரிமையானது. அரசு அவற்றைக் காத்து வந்தது. ஆகவே அனுமதியின்றி எடுப்பது திருட்டு.

பரீட்சகர்: இப்போது 'உரிமை' என்றீர். 31ஆம் பக்கத்தில் 'கைவசம்' என்று எழுதியிருக்கிறீர். இரண்டும் ஒன்றா?

இங்கே நிறுத்துகிறேன். வினா மிகவும் எளியது போலத் தோன்றும். ஆனால் மாணவர் கால் சறுக்கும் முதற் படி இதுவே. எழுதும்போது சொற்களைக் காத்தவர், பேசும்போது பழக்கச் சொல்லுக்கு இறங்கிவிட்டார். திருட்டு என்பது தண்டனைக் கோவையின்படி ஒருவருடைய கைவசத்திலிருந்து அசையும் பொருளை நேர்மையற்ற நோக்கத்தோடு எடுத்தல். இலங்கைத் தண்டனைக் கோவை 366ஆம் பிரிவு கேட்பதும், அதற்கு முன்மாதிரியாய் 2024 வரை நடப்பில் இருந்த இந்தியக் கோவையின் 378ஆம் பிரிவு கேட்டதும் கைவசத்தையே. உரிமை மட்டும் இருந்து கைவசம் இல்லையென்றால் திருட்டு இல்லை. நல்ல விடை இப்படி வரும்.

மாணவர்: ஒன்றல்ல, ஐயா. நான் தவறாய்ச் சொன்னேன். என் கட்சி கைவசம் பற்றியது. உரிமை யாருக்கு என்ற கேள்வியை இரண்டாம் அத்தியாயத்தில் தனியே வைத்திருக்கிறேன்.

திருத்தினார், முடித்தார். மன்னிப்புக் கேட்டு நேரம் போக்கவில்லை, தாம் முதலிற் சொன்னதைக் காப்பாற்றவும் முயலவில்லை. பரீட்சகர் தொடர்கிறார்.

பரீட்சகர்: சோளகக் காற்று எழும் மாதங்களில் காவற்படகு அங்கே நிற்பதில்லை. அப்போது சிப்பி யார் கைவசம்?

மாணவர்: கைவசத்துக்கு ஒவ்வொரு கணமும் கை வைத்திருக்க வேண்டியதில்லை. சாவீனி 1803இல் எழுதிய நூலில், முதலில் கொண்ட தொடர்பை விரும்பியபோது மீட்கக் கூடுமாயின் கைவசம் தொடரும் என்கிறார். காற்று அடங்கியதும் அரசு திரும்பி வரலாம்.

பரீட்சகர்: திரும்பி வந்தால் அதே சிப்பி இருக்குமா? பெரிய பாரைப் பற்றி உமக்குத் தெரிந்ததைச் சொல்லும்.

இந்த வினாவுக்கு விடை சட்டப் புத்தகத்திலே இல்லை. 1900களின் முற்பகுதியில் ஹெர்ட்மன், ஹோர்னல் என்ற இருவர் நம் பார்களை ஆராய்ந்து எழுதினார்கள். பெரிய பாரில் சிப்பிக் குஞ்சுகள் திரள் திரளாய் வந்து ஒட்டும். முதிர்வதற்குள் சோளகக் காற்றின் அலைவீச்சு அவற்றை வாரிக்கொண்டு போய்விடும். செவல் பார் அப்படியன்று. அங்கே சிப்பி முதிர்ந்து முத்துக்குளிப்புக்குப் பலன் தந்தது. இரண்டும் நம்மூர்ப் பேச்சிலே 'பார்' என்பவைதான். ஆனால் ஒன்றுக்குப் பொருந்தும் நியாயம் மற்றதற்குப் பொருந்தாது. வழக்குக் கட்டுகளைப் புரட்டி எழுதிய ஆய்வுரையில் கடலைப் பற்றிய ஒரு பக்கமாவது இல்லாவிட்டால் இந்த இடத்தில் வாயடைக்கும். அரிப்பிலோ வங்காலையிலோ வயதான கடற்றொழிலாளர் ஒருவரை ஒரு மாலை கேட்டிருந்தால், இந்த வினாவை மாணவர் தாமே முன்னுணர்ந்திருப்பார்.

மாணவர்: பெரிய பாரிலே சிப்பி வாரப்பட்டுப் போய்விடுகிறது. ஆகையால் அந்தச் சிப்பிகளின் கைவசம் போயிற்று என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பாரின் கைவசம் போகவில்லை.

பரீட்சகர்: அப்படியானால் உமது கட்சி சிப்பியைப் பற்றியதா, பாரைப் பற்றியதா?

அன்பர்களே, பரீட்சை முழுவதும் இந்த ஒரு வினாவில் தங்கியிருக்கிறது. மாணவர் தாமே கொடுத்த கயிற்றைக் கொண்டே பரீட்சகர் அவரைக் கட்டியிருக்கிறார். இங்கே மாணவர் இருவகையாகக் கெடுவர். ஒரு வகையார், "இரண்டையும் பற்றியது" என்று சொல்லித் தப்பப் பார்ப்பர். அது விடையே அன்று. மற்றொரு வகையார், "ஆம் ஐயா, நீங்கள் சொல்வதுதான் சரி, பாரைப் பற்றியது" என்று உடனே தலையாட்டுவர். இரண்டாவதே அதிக அபாயம். பாரைப் பற்றியது என்று ஒத்துக்கொண்டால் அடுத்த வினா காத்திருக்கிறது: பாரை வைத்திருப்பவருக்கு அதன் மேல் வந்து ஒட்டும் சிப்பி எப்படிச் சேரும்?

நிலத்தின் பலன் நிலத்துக்குடையவனைச் சேரும் என்ற உரோமச் சட்டத்து விதியை மாணவர் எடுக்கலாம். ஆனால் சிப்பி பாரிலே விளைந்த பலன் அன்று. அதன் குஞ்சு தண்ணீரில் மிதந்து எங்கிருந்தோ வருகிறது. அதே உரோமச் சட்டம், காட்டு விலங்கும் பறவையும் மீனும் பிடித்தவனுக்கே உரியன, நிலத்துக்குடையவனுக்கு அல்ல என்றும் சொல்கிறது. உரோம ஒல்லாந்துச் சட்டம் நம் நாட்டின் பொதுச் சட்டமாதலால் இந்த மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. சாவீனியை மட்டும் நம்பி வந்த மாணவர் இங்கே சிக்கிக் கொள்வார். ஹோம்ஸ் 1881இல் எழுதிய நூலைப் படித்திருந்தால் ஒரு வழி உண்டு. கைவசத்துக்கு வேண்டிய மனநிலை பொருளைத் தன்னுடையதாய்க் கொள்ளும் எண்ணம் அன்று, பிறரை விலக்கும் எண்ணமே என்று ஹோம்ஸ் சாவீனியை மறுத்தார். அரசு செய்ததெல்லாம் பிறரை விலக்கியதே அல்லவா? ஆகவே ஆயத்தமான மாணவர் இப்படிச் சொல்லுவார்.

மாணவர்: சிப்பியைப் பற்றியதே, ஐயா, ஆனால் எல்லாச் சிப்பியையும் பற்றியதன்று. பாரிலே நிலையாய் ஒட்டி, அரசு சோதித்து, பிறரை விலக்கிக் காத்து நிற்கும் சிப்பி மட்டுமே அதன் கைவசம். மீன் ஓடிப்போகும், ஒட்டிய சிப்பி ஓடாது. ஆகையால் அது காட்டு விலங்கை ஒத்ததன்று, வேலிக்குள் நிற்பதை ஒத்தது. வாரப்பட்டுப் போகும் குஞ்சுக்கு என் கட்சி பொருந்தாது. அந்த அளவுக்கு என் கட்சியைக் குறுக்குகிறேன்.

குறுக்கினார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. தன் கட்சியின் எல்லை எங்கே என்று தாமே கோடு கிழித்துக் காட்டுகிறவரைப் பரீட்சகர் அதற்குள்ளே நெருக்குவது கடினம்.

இரண்டாம் பரீட்சகர் இப்போது வாய் திறக்கிறார்.

இரண்டாம் பரீட்சகர்: 'ஒட்டிய' என்றீர். நிலத்தோடு ஒட்டிய பொருள் அசையும் பொருள் அன்றே! பிறகு திருட்டு எப்படி?

பாருங்கள், முதற் பரீட்சகரிடமிருந்து தப்புவித்த சொல்லே இரண்டாமவரிடம் மாட்டிவிட்டது. நூலிழை போன்ற நார்களால் சிப்பி பாறையைப் பற்றிக் கிடக்கிறது. மாணவர் கோவையின் விளக்கப் பகுதிகளைப் படித்திருக்கிறாரா என்பதை இந்த வினா சோதிக்கிறது. நிலத்தோடு ஒட்டியிருக்கும் வரை ஒரு பொருள் திருட்டுக்கு உட்படாது; பிரிந்தவுடன் உட்படும்; பிரிக்கும் செயலும் எடுக்கும் செயலும் ஒன்றாகவே இருந்தாலும் திருட்டாகும் என்று விளக்கம் உள்ளது. மரத்தை வெட்டியெடுப்பவனுக்கு வகுத்த விதி கல்லைக் கட்டிக்கொண்டு ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கிய குளியாளுக்கும் பொருந்துகிறது. சங்கோ பாறையில் ஒட்டுவதில்லை, மணலில் ஊர்வது. ஆகையால் சென்னை வழக்கில் இந்தச் சிக்கல் இல்லை. சிப்பிக்கு மாத்திரம் உண்டு. இந்த வேறுபாட்டை மாணவர் தாமாகவே சொன்னால் பரீட்சகர் முகம் மலரும்.

இனி, இடம் பற்றிய கண்ணி. நம்மூரார் எவரும் இதில் விழக்கூடாது. ஆனால் நம்மூரார்தாம் விழுகிறார்கள்.

பரீட்சகர்: சென்னை வழக்கு எந்தக் கடலைப் பற்றியது?

மாணவர்: பாக்கு நீரிணையை அடுத்த குடா.

பரீட்சகர்: உமது பார்கள்?

மாணவர்: மன்னார் வளைகுடா.

பரீட்சகர்: இடையே என்ன?

மன்னார்த் தீவும் இராமர் அணையும்! தலைமன்னாரில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் குடா, மறுபக்கம் வளைகுடா. நமக்கு அது ஒரே கடல் போலத்தான் பழக்கம். ஆனால் சென்னை நீதிமன்றத்தின் நியாயம் குடா நிலத்தால் சூழப்பட்டது என்பது. வளைகுடா தெற்கே திறந்த சமுத்திரம். அங்கே ஒன்பதில் எட்டுப் பங்கு என்ற கணக்குச் செல்லாது. "மேற்படி தீர்ப்பின்படி" என்று நாற்பது இடத்தில் எழுதிய மாணவருக்கு இது பேரிடி.

ஆனால் வழி இல்லாமலில்லை. அந்தத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துவதன்று. ஒரே மாதிரியான கோவைச் சொற்களுக்கு அயல் நீதிபதிகள் தந்த பொருளாக மட்டும் அதை எடுக்கலாம். கைவசம் பற்றிய பகுதிக்கு அதை வைத்துக்கொண்டு, ஆட்சி எல்லை பற்றிய பகுதிக்கு வேறு ஆதாரம் தேட வேண்டும். 1758இல் வத்தேல் எழுதிய சர்வதேசச் சட்ட நூலில், பஹ்ரெயினிலும் இலங்கையிலும் உள்ள முத்துக்குளிப்பு உடைமையாகக் கூடியதே என்று நம் கடலைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். நியூசாத்தலில் பிறந்த அவர் அரிப்புக் கரையைக் கண்டவரல்லர். ஆயினும் கடல் எவர்க்கும் உரியதன்று என்று 1609இல் வாதித்த குரோசியசுக்கு எதிராக அவர் எடுத்த விதிவிலக்கு நம் பார்களே. நீடித்த பயன்பாட்டை இந்த வழியாகக் காட்டலாம். 1977 ஜனவரியில் இலங்கை வெளியிட்ட பிரகடனமும் இவ்விரு நீர்ப்பரப்பையும் வேறு வேறாகவே வைத்தது: குடாப் பக்கத்து வரலாற்று நீர் உள்நாட்டு நீர், வளைகுடாப் பக்கத்தது ஆட்புலக் கடல். மாணவர் இதைக் கூறி, "ஆகவே நான் இரண்டு ஆதாரங்களையும் கலக்காமல் வைக்க வேண்டும், ஐயா, நான்காம் அத்தியாயத்தில் அப்படிக் கலந்த இரண்டு வாக்கியம் உண்டு, அவற்றைத் திருத்துவேன்" என்று சொல்வாராயின், அந்தக் குறை அவருக்கு நட்டமாகாது.

பரீட்சகர்: சிப்பி அரசின் கைவசத்தில் இருந்தது தெளிவென்றால், 1811இல் பார்களருகே சுற்றித் திரியும் படகுகளைப் பறிமுதல் செய்யத் தனிச் சட்டம் ஏன் இயற்றினார்கள்? திருட்டுச் சட்டம் போதாதா?

இது எதிர்க்கட்சியின் மிகப் பலத்த வாதம். நம் சைவ சித்தாந்த நூல்களிலே பரபக்கத்தை அதன் முழுப் பலத்தோடும் சொல்லிவிட்டே சுபக்கத்துக்கு வருவார்கள் என்பது இங்குள்ள பெரியோர்களுக்குத் தெரியும். ஒத்திகையிலும் அதுவே முறை. எதிர்வாதத்தை மாணவர் தம் வாயாலேயே பரீட்சகர் சொன்னதைவிடத் திறம்படச் சொல்லட்டும். பிறகு விடை: 1811இன் சட்டம் சிப்பியை எடுத்தவனைக் குறித்ததன்று, எடுப்பதற்கு முன்பே பாரருகே வந்து நிற்கிறவனைக் குறித்தது. எடுக்காதவனைத் திருட்டுச் சட்டத்தால் தொட முடியாது. அன்றியும் இலங்கைத் தண்டனைக் கோவை வந்தது 1883இல். 1811இன் சட்டத்தை இயற்றியவர் மனத்தில் அந்தக் கோவைச் சொற்கள் இருந்திருக்க முடியாது. ஆகவே அந்தச் சட்டம் மாணவர் கட்சியை நிலைநாட்டவும் இல்லை, வீழ்த்தவும் இல்லை. "இது என் கட்சிக்குச் சான்று ஆகாது, ஐயா, மறுப்பும் ஆகாது" என்று சொல்லத் துணிவு வேண்டும். சான்றையெல்லாம் தம் பக்கமே இழுக்கிற மாணவர்மீது பரீட்சகருக்கு ஐயம் பிறக்கும்.

இன்னொரு வினா கட்டாயம் வரும். முத்துக்குளிப்பு நின்றுபோன காலத்தில் இதெல்லாம் எதற்கு? ஐக்கிய நாடுகளின் 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கை, கடலடியோடு எப்போதும் தொட்டுக்கொண்டே அல்லாமல் நகர முடியாத உயிர்களின்மீது கரைநாட்டுக்குத் தனியுரிமை தருகிறது. அவ்வுரிமைக்குக் காவற்படகும் வேண்டாம், கைவசமும் வேண்டாம் என்று 77ஆம் உறுப்புரை வெளிப்படையாகச் சொல்கிறது. அப்படியாயின் மாணவர் கட்சி வெறும் சரித்திரமா?

ஒத்திகையில் இங்கே பலர் தளர்ந்து, "ஆம், சரித்திரமே" என்று விடுவார்கள். விட வேண்டியதில்லை. உடன்படிக்கை பேசுவது நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலுள்ளதை. தண்டனைக் கோவை பேசுவது நாட்டுக்கும் மூழ்கி எழுந்த ஓர் ஆளுக்கும் இடையிலுள்ளதை. கடலடியில் ஒரு நாட்டுக்குத் தனியுரிமை இருப்பதனாலேயே அங்குள்ள ஒவ்வொரு சங்கும் கடலட்டையும் அதன் கைவசத்தில் இருப்பதாகாது. அனுமதியின்றி எடுத்தவன் கடற்றொழிற் சட்டத்தை மீறியவனா, அன்றித் திருடனா என்பதில் அந்த ஆளுக்கு வரும் தண்டனையும் பெயரும் வேறு. இன்று சங்குக்கும் அட்டைக்கும் மூழ்குகிற நம் கரையோரப் பிள்ளைகளுக்கு அது சரித்திரம் அன்று.

ஒத்திகை முடிந்தபின் எழுதுகிறவரின் தாளை எடுத்துப் பாருங்கள். பரீட்சகர் பிடித்துக்கொண்ட சொற்கள் வரிசையாய் இருக்கும்: 'உரிமை', 'திரும்பி வரலாம்', 'பார்', 'ஒட்டிய', 'மேற்படி தீர்ப்பு'. இவற்றில் மாணவர் பொருள் தெரிந்து சொன்னவை எவை, வாய்ப்பழக்கத்தால் சொன்னவை எவை என்று அவரே குறிக்கட்டும். விடை வினாவைவிடப் பல மடங்கு நீண்ட இடங்களையும் குறிக்கட்டும். விஷயம் தெரியாத இடத்திலேதான் பேச்சு நீளும். "அறிஞர்கள் கூறுவர்" என்று ஆள் பெயர் இல்லாமல் சொன்ன இடம் ஒவ்வொன்றுக்கும் பெயரும் பக்கமும் தேடட்டும். இரண்டு நாள் கழித்து, பரீட்சகர் இடத்தில் வேறு இருவரை அமர்த்தி மறுபடியும் நடத்துங்கள்; அதே ஆட்கள் இருந்தால் அதே வினாவே வரும். அவ்விருவரில் ஒருவர் சட்டம் படியாதவராய் இருந்தால் மெத்த நல்லது. "சிப்பி நகருமா, தம்பி?" என்று அவர் கேட்பதற்கு, சாவீனியையும் ஹோம்ஸையும் கரைத்துக் குடித்தவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம்.

சனிக்கிழமை பின்னேரங்களில் சங்கத்தின் நூல்நிலைய அறை காலியாய் இருப்பதாகச் செயலாளர் சொல்கிறார். ஆய்வுரையின் இரண்டு படிகளோடு வாருங்கள், ஒன்று எனக்கு.